சேர்ந்த சில வாரங்களில் ரத்து செய்பவர்களுக்கு என்ன மெயில் அனுப்புவது?

கேள்வி: சின்னக் கடைகளுக்கான ஜிஎஸ்டி பில்லிங் சாஃப்ட்வேர் நடத்துகிறோம். 14 நாள் இலவசம், அப்புறம் மாதச் சந்தா. சேர்பவர்களில் நிறையப் பேர் இரண்டு மாதத்துக்குள் ரத்து செய்துவிடுகிறார்கள். சேர்ந்ததும் தினம் ஒன்றாக ஏழு வரவேற்பு மெயில் போகிறது. பெரிதாகப் பலன் இல்லை. இந்த வரிசையை எப்படி மாற்றினால் ரத்து குறையும்?

பதில்:

மெயில்களின் எண்ணிக்கையை விடுங்கள். அவை நாள் கணக்கில் போவதுதான் கோளாறு. மூன்றாம் நாள் ஒரு மெயில் போகிறது, அதில் கடன் கணக்கு எழுதுவது எப்படி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நாற்பது பில் போட்டுவிட்ட கடைக்காரருக்கும் அது போகும், இன்னும் சரக்கு லிஸ்ட்டே ஏற்றாதவருக்கும் அதுவே போகும். முன்னவருக்கு அது தெரிந்த விஷயம். பின்னவர், தொடங்காத வேலையை ஞாபகப்படுத்துகிறார்களே என்று எரிச்சலாகி, அடுத்த மெயிலைத் திறக்காமலே விடுவார்.

உங்கள் தொழிலில் இரண்டு விஷயங்களைப் பார்த்து மெயில் போக வேண்டும். ஒன்று, கடைக்காரர் இதுவரை என்ன செய்திருக்கிறார். இரண்டு, அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதி. இந்த இரண்டாவதைப் பல பில்லிங் நிறுவனங்கள் கவனிப்பதே இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குள் ரத்து என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், முக்கால்வாசிக் காரணம் அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு வேலை. கடந்த ஆறு மாதத்தில் சீக்கிரமே போனவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எங்கே நின்றார் என்று பாருங்கள். ஒரு உண்மையான பில்கூடப் போடாமல் போனவர்கள் ஒரு கூட்டம். ஒன்றிரண்டு வாரம் பில் போட்டுவிட்டு நிறுத்தியவர்கள் இன்னொன்று. ஒழுங்காகப் பில் போட்டுக்கொண்டே இருந்து, பணம் எடுக்கும் நேரத்தில் போனவர்கள் மூன்றாவது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு மெயில் வேண்டும். நான்காவதாகச் சிலர் இருப்பார்கள். மருந்துக் கடை நடத்துபவருக்கு பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பில்லில் வர வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால் எத்தனை மெயில் எழுதினாலும் அவர் நிற்க மாட்டார். அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிவுப் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

அடுத்து, நின்றவர்களையும் போனவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் நின்றவர்கள் செய்து, போனவர்கள் செய்யாமல் விட்டது எது? பில்லிங்கில் பெரும்பாலும் அது, கவுண்டரில் வாடிக்கையாளர் நிற்கும்போது போட்ட பில்லாகத்தான் இருக்கும். சோதனைக்கு 'சோப் 1, ரூபாய் 10' என்று போட்டுப் பார்த்ததைச் சேர்க்காதீர்கள். ஒரே நாளில் பத்து பில் போட்டவர் என்று ஒரு கோடு போடலாம். உங்கள் டேட்டாவில் அது ஐந்தாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டவைப்பதுதான் முதல் வாரத்து மெயில்களின் ஒரே வேலை. லோகோ சேர்ப்பது, ஊழியருக்குத் தனி லாகின், லாப அறிக்கை எல்லாம் அப்புறம்.

சேர்ந்து ஒரு நாள் ஆகியும் உண்மையான பில் போடாத கடைகளை எடுக்க, கிட்டத்தட்ட இப்படி ஒரு கேள்வி போதும்:

```sql
SELECT s.shop_id
FROM shops s
LEFT JOIN bills b
  ON b.shop_id = s.shop_id AND b.is_test = 0
WHERE s.created_at < NOW() - INTERVAL 1 DAY
  AND s.cancelled_at IS NULL
GROUP BY s.shop_id
HAVING COUNT(b.id) = 0;
```

மெயில் கிளம்புவதற்குச் சற்று முன்னால் இதை ஓட்ட வேண்டும். காலையில் எடுத்த பட்டியலை வைத்து மாலையில் அனுப்பினால், மதியமே பில் போட்டவருக்கு 'நீங்கள் இன்னும் தொடங்கவில்லை' என்று போய்ச் சேரும். அந்த ஒரு மெயிலே போதும், உங்கள் கணக்கையே சந்தேகப்படத் தொடங்கிவிடுவார்.

முதல் மெயில் பதிவு செய்த சில நிமிடங்களில் போக வேண்டும். அவர் அப்போதுதான் திரைக்கு முன் இருக்கிறார். அதில் நிறுவனத்தின் கதை வேண்டாம், ஆறு பட்டன் வேண்டாம். கடைக்காரரை முதலில் தடுப்பது சரக்கு லிஸ்ட். ஆயிரம் பொருளை உட்கார்ந்து யார் டைப் அடிப்பது என்று மலைத்துத்தான் பாதிப் பேர் மூடிவைக்கிறார்கள். ஆகவே அந்தச் சுமையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்:

> தலைப்பு: சரக்கு லிஸ்ட்டை அனுப்புங்கள், நாங்கள் ஏற்றித் தருகிறோம்
>
> வணக்கம். உங்கள் கடைக் கணக்கு தயார். முதல் பில் போட சரக்கு லிஸ்ட்டும் விலையும் இருந்தால் போதும். எக்செல், டேலியிலிருந்து எடுத்த ஃபைல், கையால் எழுதிய விலைப் பட்டியலின் போட்டோ, எது இருந்தாலும் இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். ஏற்றி முடித்ததும் தகவல் சொல்கிறோம்.
>
> எல்லாப் பொருளும் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதிகம் விற்கும் ஐம்பது பொருள் இருந்தாலே இன்று மாலை கவுண்டரில் தொடங்கலாம்.

கீழே ஒரு ஆளின் பெயர், போன் நம்பர், எத்தனை மணி வரை எடுப்பார் என்பது. அனுப்பும் முகவரி noreply என்று தொடங்கக் கூடாது. பதில் போட்டால் ஒரு மனிதர் படிக்க வேண்டும். தமிழிலா ஆங்கிலத்திலா என்பதைப் பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஆனால் பட்டன் பெயர்களைத் திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை மெயிலில் தமிழாக்கி எழுதினால் தேடிக் களைத்துவிடுவார்.

இரண்டாவதிலிருந்து எல்லாமே நிபந்தனை மெயில்கள். லிஸ்ட் ஏற்றாதவருக்கு மறுநாள் ஒரே வரியில் ஒரு ஞாபகமூட்டல். லிஸ்ட் ஏற்றியும் பில் போடாதவருக்கு வேறு மெயில், ஏனென்றால் அவரைத் தடுப்பது வேறு. பெரும்பாலும் பிரிண்டர்: 58 மில்லிமீட்டர் ரோல் வைத்திருப்பவருக்கு 80 மில்லிமீட்டர் அளவில் பில் அடித்தால் தொகை வெட்டுப்பட்டு வரும். அமைப்பில் எதை மாற்ற வேண்டும் என்று ஒரே ஒரு படத்தோடு எழுதிவிட்டால் தீர்ந்தது.

பிரிண்டரைவிடக் கண்ணுக்குத் தெரியாத தடை ஒன்று உண்டு: பில் நம்பர். வருஷ நடுவில் மாறினால் பழைய நம்பர் தொடர்ச்சி உடைந்துபோகுமே, ஆடிட்டர் திட்டுவாரே என்ற பயம். கேட்க வெட்கப்பட்டு, 'ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஜிஎஸ்டி விதி 46 இதற்கு இடம் கொடுக்கிறது. நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகாமல், தொடர்ச்சியாக, அந்த நிதியாண்டில் திரும்ப வராமல் இருக்க வேண்டும்; ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளும் வைத்துக்கொள்ளலாம். பழைய பில் 1482-இல் நின்றால் நிற்கட்டும், புதியது 'B/1' என்று தொடங்கலாம். இதை நான்கு வரியில் எழுதி, 'ஆடிட்டருக்கு இந்த மெயிலை அப்படியே அனுப்பலாம்' என்று முடியுங்கள். வரிசையில் ஒரே ஒரு மெயிலைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

இதையும் தாண்டி நான்கைந்து நாளாகியும் பில் வரவில்லையென்றால், 'எது தடுக்கிறது?' என்று ஒற்றைக் கேள்வி அனுப்புங்கள். படம், பட்டன் எதுவும் வேண்டாம். பதில் வராதவருக்குப் போன் போடலாம். சேர்ந்தவர் கடை முதலாளியின் மகனாக இருப்பார், பில் போட வேண்டியவர் கவுண்டரில் இருக்கும் வேறொருவராக இருப்பார். மெயில் போகும் இடமே தப்பு என்று அப்போதுதான் தெரியவரும். பதிவின்போது 'பில் போடுபவரின் நம்பர்' என்று தனியாக வாங்கி, அவர் சம்மதத்தோடு வாட்ஸப்பில் அனுப்புவது பல கடைகளுக்கு மெயிலைவிடச் சரிப்படும்.

சரி, இப்போது தேதிக்கு வருவோம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை ஜூன் 24 அன்று சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடை. ஜூன் மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 ஜூலை 11-க்குள் போக வேண்டும். உங்கள் 14 நாள் இலவசம் ஜூலை 8-இல் முடிகிறது. அதாவது, உங்கள் சாஃப்ட்வேரால் உண்மையில் வேலை மிச்சமாகும் நாளுக்கு மூன்று நாள் முன்பே 'பணம் கட்டுங்கள்' என்கிறீர்கள். அதற்கு அவர் சரி சொன்னாலும் ஜூலை 11-ஆம் தேதி நிம்மதியாக இருக்காது. ஜூன் 1 முதல் 23 வரை பழைய பில் புத்தகத்தில், 24 முதல் 30 வரை உங்களிடம். ஆடிட்டர் கையில் இரண்டு கணக்கு. 'முன்னாடி ஒரு புத்தகம் கொடுத்தீங்க, இப்போ புத்தகமும் ஃபைலும் கொடுக்கறீங்களே' என்று அவர் சலித்துக்கொண்டால், அன்றைக்கே முதலாளி மனதில் ரத்து முடிவாகிவிடும். முழு மாதக் கணக்கு ஒரே ஃபைலாகப் போகிற முதல் நாள் ஆகஸ்ட் 11. அதுவரை அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இதற்கு மூன்று மெயில் போதும். முதலாவது, மாத நடுவில் சேர்பவர் லிஸ்ட் ஏற்றி முடித்ததும் போவது. அதில் இரண்டு வழிகளையும் ஒளிவு மறைவில்லாமல் வைக்க வேண்டும்: இப்போதே தொடங்கினால் இந்த மாதத்துக்கு மட்டும் இரண்டு கணக்கைச் சேர்க்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் இந்த வாரம் பிரிண்டரையும் லிஸ்ட்டையும் பழகிவிட்டு 1-ஆம் தேதி தொடங்கலாம். இரண்டாவது வழியை எடுப்பவருக்கு இலவச நாட்களைத் தானாக நீட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் தொடங்கி ஒரு வாரத்திலேயே கெடு முடிந்துவிடும்.

இரண்டாவது மெயில் ஜூலை 3 அல்லது 4 வாக்கில். 'ஜூன் 24 முதல் 30 வரை நீங்கள் போட்ட பில்கள் இவ்வளவு, வரி இவ்வளவு. ஆடிட்டருக்கு அனுப்ப இங்கே தட்டுங்கள்.' கூடவே ஆடிட்டருக்கு ஒரு குறிப்பு: இந்த ஃபைலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருக்கிறது, எந்த நம்பர் வரிசை, முந்தைய நாட்களின் கணக்கு கடைக்காரரிடம் தனியாக இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவில்லாத வாடிக்கையாளருக்குப் போகும் சில்லறை விற்பனை பெரும்பாலும் வரி விகிதம் வாரியாகக் கூட்டுத் தொகையாகத்தான் ரிட்டர்னில் ஏறுகிறது, ஆகையால் இரண்டையும் கூட்டுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. முன்கூட்டியே சொல்லாததால்தான் அது பெரிதாகத் தெரிகிறது.

மூன்றாவது ஆகஸ்ட் தொடக்கத்தில், முழு மாதத்துக்கானது. இந்த முறை ஃபைல் ஒன்றே. அதை மெயிலிலேயே நேரடியாக எடுக்க முடிய வேண்டும், மூன்று திரை தாண்டி உள்ளே போகவிடாதீர்கள்.

எல்லாக் கடைக்கும் 11-ஆம் தேதி பொருந்தாது. காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவருக்கு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் ஜிஎஸ்டிஆர்-1 போடுவதே இல்லை. காலாண்டு வரியைக் கட்டி சிஎம்பி-08 படிவம் போடுவது 18-க்குள். இவர்களுக்கு '11-ஆம் தேதி நெருங்குகிறது' என்று அனுப்பினால் சிரித்துவிட்டு மூடிவிடுவார்கள். பதிவுப் படிவத்தில் இந்த ஒரு கேள்வியை மட்டும் கூடுதலாகச் சேருங்கள். படிவம் நீளமாகிவிடும் என்று உங்கள் டிசைனர் முனகுவார், முனகட்டும்.

பணம் எடுக்கும் நேரத்து ரத்து தனிக் கதை. தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும். அது வங்கி மொழியில், தொகையும் ஏதோ ஒரு நிறுவனப் பெயருமாக வருகிறது. அந்தப் பெயர் உங்கள் சாஃப்ட்வேரின் பெயராக இல்லாமல் கம்பெனிப் பதிவுப் பெயராக இருந்தால், 'யார்ரா இது' என்று யுபிஐ செயலியிலேயே ஆட்டோபேயை நிறுத்திவிடுவார். உங்களுக்குக் காரணமும் தெரியாது, சமாதானம் சொல்லவும் வாய்ப்பு இருக்காது. எனவே அந்த அறிவிப்பு வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே உங்கள் மெயில் போக வேண்டும்: எந்தத் தேதி, எவ்வளவு, வங்கிச் செய்தியில் என்ன பெயர் தெரியும், இதுவரை எத்தனை பில் போட்டிருக்கிறீர்கள், வேண்டாமென்றால் எங்கே ரத்து செய்வது.

ரத்து இணைப்பைக் கொடுத்தால் போய்விடுவார்களே என்று தோன்றும். சிலர் போவார்கள், அவர்கள் எப்படியும் போகிறவர்கள்தான். ஒரு பில்கூடப் போடாதவரிடம் ஓசைப்படாமல் பணம் எடுப்பதை நான் செய்யவே மாட்டேன். அவருக்கு 'நீங்கள் இன்னும் தொடங்கவில்லை, பணம் எடுக்காமல் அடுத்த மாதம் 1 வரை நிறுத்திவைக்கட்டுமா?' என்று கேளுங்கள். முதல் மாத வருமானம் கொஞ்சம் குறையும். ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரும் சண்டைகளும், கோபத்தில் 'ஸ்பாம்' என்று அழுத்துபவர்களும் குறைவார்கள்.

அந்த அழுத்தல் சாதாரண விஷயம் இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கிவிட்டன. ஸ்பாம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது கூகுள். தினம் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு, மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றும் கட்டாயம். விளம்பர வகை மெயில்களில் ஒரே தட்டில் விலகும் வசதியும் வேண்டும். நீங்கள் அந்த அளவுக்கு அனுப்பாவிட்டாலும் செய்துவைத்துவிடுங்கள். மெயிலின் தலைப்பகுதியில் இந்த இரண்டு வரி:

```
List-Unsubscribe: <https://mail.example.in/u/abc123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

பணம் எடுக்கும் அறிவிப்பை வரவேற்பு வரிசையிலிருந்து தனியே பிரித்துவையுங்கள். வரவேற்பு மெயில் வேண்டாம் என்று விலகியவருக்கு, பணம் எடுக்கப்போகும் தகவலும் சேர்ந்து நின்றுபோகக் கூடாது.

பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மெயிலைத் திறந்தவர்களின் சதவீதத்தை நம்பாதீர்கள். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்காதவரும் திறந்தவராகக் கணக்கில் வருவார். புதிதாகச் சேர்பவர்களில் பாதிப் பேருக்குப் பழைய வரிசை, பாதிப் பேருக்குப் புதியது என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் 'பத்து பில் போட்டவர்கள் நிற்கிறார்கள்' என்பதை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். ஆர்வமுள்ளவர்கள் பில்லும் போடுவார்கள், நிற்கவும் செய்வார்கள், உங்கள் மெயிலுக்கு அதில் பங்கே இல்லாமல் போகலாம்.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதம் 200 பேர் சேர்கிறார்கள், இரு பக்கமும் நூறு நூறு பேர். பழைய வரிசையில் 30 பேரும் புதியதில் 24 பேரும் ரத்து செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொண்டாடத் தோன்றும். ஆனால் ஒரே வரிசையை இரு பக்கமும் அனுப்பியிருந்தாலும் இந்த ஆறு பேர் வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான். இந்த அளவு வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கமும் சுமார் 900 பேர் வேண்டும், உங்களுக்கு அது ஒன்பது மாத வேலை. அதுவரை காத்திருக்க முடியாது என்பதால், முதல் வாரத்தில் அந்தப் பில் கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை, முதல் முழு மாத ஃபைலை ஆடிட்டருக்கு அனுப்பியவர்கள் எத்தனை என்று இரண்டையும் மாதாமாதம் பாருங்கள். இவை ரத்தைவிடச் சீக்கிரமாக அசையும். ரத்துக் கணக்கைப் பின்னால் ஓடவிட்டு, சேர்ந்த மாதம் வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் சேர்பவரையும் ஜூலையில் சேர்பவரையும் ஒரே கூடையில் போட முடியாது. ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்க வருபவர்கள் தனி ரகம்.

எல்லா மெயிலையும் ஒரே வாரத்தில் எழுத உட்காராதீர்கள். புதிய வரிசை போகும் பாதிப் பேருக்கு, பில் நம்பர் மெயிலையும் பணம் எடுக்கும் முன் போகும் மெயிலையும் முதலில் வைத்து, பழைய ஏழு மெயிலையும் நிறுத்திவிடலாம். 'எது தடுக்கிறது?' என்ற கேள்விக்கு வரும் பதில்களை ஒரு ஷீட்டில் போட்டு வாருங்கள். பிரிண்டர் பற்றியே திரும்பத் திரும்ப வந்தால், முதல் பில் அடிக்கும் முன் ரோல் அளவைக் கேட்கும்படி சாஃப்ட்வேரை மாற்றிவிட்டு அந்த மெயிலை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.